வத்தையைச் சுற்றி மிதக்கும் புள்ளிகள்

"அண்ணே, தொண்டி பக்கம் எங்க ஊர்ல வத்தைன்னு சொல்ற பாய்மரப் படகுப் போட்டிக்குக் கருப்புப் பனியன் அடிக்கிறோம். போன வருசம் எடுத்த போட்டோவுல வானத்தையும் கடலையும் ஜிம்ப்ல தேர்ந்தெடுத்து அழிச்சேன். திரையில சுத்தமாத்தான் இருக்கு. சாம்பிள் அடிச்சுப் பார்த்தா வத்தையைச் சுத்தி உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. திரும்பத் திரும்ப Delete அடிச்சும் போகல. ரப்பரை வச்சு ஒவ்வொண்ணா அழிக்கணுமா, வேற வழி இருக்கா?"

ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதில்லை, தம்பி. ரப்பரால் அழித்தாலும் பாதிதான் போகும், ஏனென்றால் உங்கள் கண்ணுக்கு அகப்படும் புள்ளிகளைவிட அகப்படாத புள்ளிகள்தான் அதிகம். ராமநாதபுரத்தில் ஃப்ளெக்ஸ் அடிப்பதில் தொடங்கி இப்போது பனியன் வரை பதினெட்டு வருடமாக இதே வேலை பார்க்கிறேன். உங்கள் படத்தை நேரில் பார்க்காவிட்டாலும், நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்து என்ன நடந்திருக்கிறது என்பதை உறுதியாகவே சொல்ல முடியும்.

முதலில் அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நமக்கு வானம் ஒரே நீலம். கேமராவுக்கு அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களே கொஞ்சம் கொஞ்சம் நிறம் மாறி இருக்கும். அதற்கு மேல் ஜேபெக் கோப்பு படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. பாயின் விளிம்பு, கயிறு மாதிரி நிறம் சட்டென்று மாறும் இடங்களைச் சுற்றி அந்தச் சுருக்கத்தால் அழுக்குப் படிந்த மாதிரி ஒரு சலசலப்பு உண்டாகும். வாட்ஸப்பில் போட்டோவாக வந்த படம் என்றால் இன்னொரு முறையும் சுருங்கியிருக்கும். நீங்கள் Fuzzy Select கருவியால் வானத்தைத் தொட்டதும் அது ஒவ்வொரு பிக்சலாக "இது தொட்ட நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதா" என்று பார்க்கிறது. Threshold 15 என்றால் அந்த அளவுக்கு மேல் விலகியவற்றையெல்லாம் விட்டுவிடும். வானத்தின் நடுவே விடுபட்ட அந்தப் பிக்சல்கள்தான் உங்கள் புள்ளிகள். கடலில் இது இன்னும் மோசம். உங்கள் பக்கத்து வடகடலின் பச்சையும் கலங்கலும் கலந்த தண்ணீரில், சிற்றலை ஒவ்வொன்றின் முகட்டிலும் வெயில் பட்டு மின்னும். அத்தனையும் விடுபடும்.

இனி அவை ஏன் அரைகுறையாக, கண்ணாடி மாதிரி நிற்கின்றன என்பது. விடுபட்ட ஒரு பிக்சலுக்கும் தேர்வான பகுதிக்கும் நடுவே ஒரு விளிம்பு இருக்கிறது. கருவியின் அமைப்பில் Antialiasing, Feather edges போட்டிருந்தால் அந்த விளிம்பில் இருப்பவை முழுதாகத் தேர்வாகாமல் பாதி, கால் என்று தேர்வாகும். பாதி தேர்வான பிக்சலில் Delete அடித்தால் அதன் அடர்த்தியில் பாதிதான் போகும். ஆல்ஃபா என்று சொல்லும் அந்த அடர்த்தி முழுதாக இருக்கும்போது 255. ஒரு தடவை அழித்தால் 128. அடுத்து 64, 32, 16, 8, 4, 2, 1 என்று தேய்ந்து ஒழிவதற்கு எட்டு ஒன்பது தடவை ஆகிவிடும். பத்தில் ஒரு பங்கு மட்டுமே தேர்வான பிக்சல் என்றால் இருபது தடவை அடித்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். திரும்பத் திரும்ப அடித்தும் போகவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான். அடிக்க அடிக்க அவை மங்கித் திரையில் மறைகின்றன, கோப்பில் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. பின்னணி இல்லாத இடத்தைக் காட்ட ஜிம்ப் போடும் சாம்பல் கட்டங்களும் இவை ஒளிந்துகொள்ள வசதியான இடம். வெளிறிய நீலம் நூற்றில் நான்கு பங்கு அடர்த்தியில் அந்தக் கட்டத்தின் மேல் கிடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

அச்சில் தெரிவது ஏன்? கருப்புத் துணியில் நிறம் எடுபட வேண்டும் என்றால் அடியில் வெள்ளை மை வேண்டும். படத்தை முதலில் ஃபிலிமில் அடித்துப் பிறகு துணியில் அழுத்தும் டிடிஎஃப் முறையில் அந்த வெள்ளையை எங்கே வைப்பது என்பதை மென்பொருள் உங்கள் படத்தின் ஆல்ஃபாவைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கொஞ்சமாவது அடர்த்தி இருக்கும் இடத்துக்கெல்லாம் வெள்ளை வைக்கும்படி பல கடைகளில் அமைத்து வைத்திருப்பார்கள். நாலு பங்கு நீலத்துக்கு அடியில் ஒரு சொட்டு வெள்ளை விழும், ஈர மையில் பசைத்தூள் ஒட்டும், சூட்டில் அழுத்தியதும் துணியோடு சேர்ந்துவிடும். நீலம் தெரியாது, வெள்ளை மட்டும் தெரியும். நீங்கள் உப்பு என்று சொன்னது மிகச் சரியான உவமை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். பாம்பன் பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றுக்கு அறுபது கருப்புப் பனியன். படத்தை நான்தான் வெட்டினேன், அடித்து முடித்த பிறகுதான் பார்த்தேன். நெஞ்சு முழுக்கப் புள்ளி. அது போதாதென்று படமே நடுவில் இல்லாமல் இரண்டு விரல் இடது பக்கம் தள்ளி நின்றது. வலது மூலையில் ஒரே ஒரு மங்கலான புள்ளி மிச்சமிருந்திருக்கிறது. மென்பொருள் அதையும் படத்தின் எல்லையாகக் கணக்கில் எடுத்து நடுவைக் கணித்திருக்கிறது. அறுபதையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து புள்ளி தேடாமல் எந்தக் கோப்பையும் அச்சுக்கு அனுப்புவதில்லை.

ஆகவே முதல் வேலை, புள்ளிகளைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. வத்தை இருக்கும் லேயரை நகல் எடுங்கள். நகலில் Layer → Transparency → Threshold Alpha போய் மதிப்பை 0.003 என்று வையுங்கள். ஒரு துளி அடர்த்தி இருந்த பிக்சல்கூட இப்போது முழு அடர்த்திக்கு வந்துவிடும். பிறகு அந்த நகலுக்கு ஆல்ஃபா பூட்டைப் போட்டு, முன்நிறத்தைச் சிவப்பாக்கி Edit → Fill with FG Color கொடுங்கள். அடியில் ஒரு கருப்பு லேயர் வையுங்கள். 100 சதவீத அளவில் வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். வத்தை சிவப்பு நிழலுருவாக நிற்கும், சுற்றிலும் வானமெங்கும் சிவப்புத் தூள் இறைந்து கிடக்கும். முதல் தடவை பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். நகல் பார்ப்பதற்கு மட்டும்தான். பார்த்து முடித்ததும் அதையும் கருப்பையும் மறைத்துவிட்டு அசல் லேயருக்குத் திரும்புங்கள்.

அழிப்பதை இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலாவது முரட்டு வேலை. Free Select கருவியில் Feather edges, Antialiasing இரண்டையும் எடுத்துவிட்டு, வத்தையைச் சுற்றி ஒரு விரல் அகலம் தள்ளித் தாராளமாக ஒரு வளையம் போடுங்கள். பாயின் நுனி, கொடி, சரியாமல் இருக்கப் பலகையில் ஏறி நிற்கும் ஆளின் கை எல்லாம் உள்ளே வர வேண்டும். Select → Invert கொடுத்து ஒரு முறை Delete. பெரும்பாலான புள்ளிகள் இதிலேயே போய்விடும். Feather-ஐ நீக்காமல் இதைச் செய்தால் வளையத்தின் ஓரம் முழுக்கப் புதிதாக ஓர் அரைகுறை வரிசை முளைக்கும் என்பதை மறக்காதீர்கள்.

மிச்சம் வளையத்துக்கு உள்ளே, பாய்க்கும் கயிற்றுக்கும் நடுவே, ஆட்களின் கைகளுக்கு இடையில் இருப்பவை. இவற்றுக்கு வழி, புள்ளியைத் தேடிப் போகாமல் வத்தையைப் பிடிப்பது. வத்தை ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே உடல். புள்ளிகள் எதுவும் அதைத் தொடாத தனித் தீவுகள். Fuzzy Select எடுத்து, அதன் அமைப்பில் Select by என்ற இடத்தில் Alpha என்று மாற்றுங்கள். Threshold 230. Antialiasing, Feather edges வேண்டாம். Diagonal neighbors போட்டுக்கொள்ளுங்கள், சாய்ந்து போகும் மெல்லிய கயிறு மூலைக்கு மூலை ஒட்டித்தான் வரும். Sample merged குறியைக் கட்டாயம் நீக்கியிருக்க வேண்டும். அது இருந்து, அடியில் கருப்பு லேயரும் தெரிந்துகொண்டிருந்தால் படம் முழுக்க அடர்த்தி 255 என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் தேர்வு செய்துவிடும். இது சரியாக வரவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

இப்போது வத்தையின் உடலில், முழு அடர்த்தியுள்ள ஓர் இடத்தில், ஒரே ஒரு சொடுக்கு. அந்த இடத்தில் ஆல்ஃபா 255. 230 வரை விலகலாம் என்று சொல்லியிருக்கிறோம். ஆக, அடர்த்தி 25க்குக் குறையாமல், அந்த உடலோடு தொடர்ந்து ஒட்டிவரும் பிக்சல்கள் அத்தனையும் தேர்வாகும். ஒட்டாதது எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் தேர்வாகாது. Select → Grow போய் 1 பிக்சல் கூட்டுங்கள், வத்தையின் ஓரத்திலுள்ள மென்மை கெடாமல் இருக்கும். இரண்டு மூன்று என்று கூட்டினால் பக்கத்திலிருக்கும் புள்ளியும் உள்ளே வந்துவிடும். பிறகு Select → Invert, Delete. இந்தத் தேர்வில் பாதி தேர்வான பிக்சல் கிடையாது என்பதால் ஒரே அடியில் தீவுகள் எல்லாம் முழுதாகப் போகும்.

Delete அடிக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று, தேர்வின் எல்லைக்கோடு எதையெல்லாம் விட்டிருக்கிறது என்று பாருங்கள். பாய்மரப் படங்களில் அநேகமாக ஒரு கயிறு விட்டுப்போயிருக்கும். வானத்தை அழித்தபோது கயிற்றின் நடுவில் இரண்டு பிக்சல் அறுந்திருந்தால், அறுந்ததற்கு அப்பால் இருக்கும் துண்டும் இந்தக் கருவிக்கு ஒரு தீவுதான், புள்ளியோடு சேர்த்துத் தூக்கிவிடும். கொடியும் அப்படித்தான். Shift விசையை அழுத்திக்கொண்டு அந்தத் துண்டின் மேல் சொடுக்கினால் அதுவும் தேர்வில் சேரும். Grow செய்வதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் உறுதியானது. சந்தேகத்துக்கு இடமுள்ளது ஒன்று உண்டு, உங்கள் படத்தில் அது கட்டாயம் இருக்கும். வேகமாகப் போகும் வத்தையின் முன்பக்கமான அணியத்தில் தெறிக்கும் தண்ணீர். அந்தத் துளிகளும் தனித் தீவுகள்தான். மேலே சொன்ன முறையில் அவையும் போய்விடும், படம் நின்றுபோன மாதிரி ஆகிவிடும். துளியையும் குப்பையையும் பிரித்துச் சொல்லும் கருவி எதுவும் கிடையாது, கண்தான் முடிவு செய்ய வேண்டும். ஓரளவுக்கு உதவுவது நிறம். 400 சதவீதம் பெரிதாக்கி நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். உண்மையான துளியின் நடு வெள்ளையாகவும் அடர்த்தியாகவும் இருக்கும், ஓரத்தில்தான் தேயும். குப்பைப் புள்ளிக்கு, பின்னால் இருந்த வானத்தின் நீலமோ தண்ணீரின் பச்சையோ இருக்கும், அடர்த்தியும் நடுவிலேயே குறைவாக இருக்கும். தெறிப்பு அணியத்துக்குப் பக்கம் கொத்தாக இருக்கும், குப்பை எங்கும் பரவிக் கிடக்கும். ஆனால் வெயிலில் மின்னிய அலை முகடு ஒன்று வெள்ளையாகவே விடுபட்டு அணியத்துக்குப் பக்கத்திலேயே நின்றால், அது துளியா குப்பையா என்று எனக்கும் சொல்லத் தெரியாது. அச்சுக்குப் போகும் வேலையில் நான் வைத்திருக்கும் வழக்கம் ஒன்றுதான்: 300 டிபிஐ-யில் நாலு பிக்சலுக்குக் குறைந்த எதையும் வைப்பதில்லை. அது மூன்றில் ஒரு மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது துளியாகவே இருந்தாலும் துணியில் அழுக்காகத்தான் தெரியும். நாலுக்கு மேல் இருக்கும் நல்ல துளிகளைக் கயிற்றுக்குச் செய்த மாதிரியே Shift அழுத்தி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்துப் பன்னிரண்டு துளி போதும், தெறிப்பு தெறிப்பாகத் தெரியும்.

இந்த முறை தொடாத இன்னொன்று, வத்தையோடு ஒட்டிக்கொண்டே இருக்கும் மங்கலான ஓரம். அது தீவு இல்லை என்பதால் போகாது. லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, சேர்க்கும்போது Transfer layer's alpha channel என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த மாஸ்க்கின் மேல் Colors → Levels திறந்து, கீழ் எல்லையை 25க்கும் மேல் எல்லையை 230க்கும் நகர்த்தினால் ஓரம் இறுகும். ஆட்களின் பறக்கும் தலைமுடியும் கூடவே கொஞ்சம் போகும். பனியனுக்கு அது பரவாயில்லை.

முடிந்ததா என்று சோதிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. மாஸ்க் போட்டிருந்தால் முதலில் Layer → Mask → Apply Layer Mask கொடுங்கள். கோப்பை நகல் எடுத்து, மற்ற லேயர்களை நீக்கிவிட்டு, Image → Crop to Content கொடுங்கள். நான்கு பக்கமும் வெட்டு வத்தையின் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். ஒரு பக்கம் வெற்றிடம் மிச்சமிருந்தால் அந்த ஓரக் கோட்டில் எங்கோ ஒரு புள்ளி ஒளிந்திருக்கிறது. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்கள் Image → Trim போய் Transparent Pixels கொடுத்து இதையே பார்க்கலாம். உள்பக்கத்துக்கு இந்தச் சோதனை உதவாது, அதற்கு முன்போலவே சிவப்பு நகலைப் புதிதாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரம் இருந்தால் முதலிலிருந்தே வெட்டிப் பாருங்கள், அதுதான் என் விருப்பம். அசல் படத்தை எடுத்தவரிடம் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அந்த லேயரை நகல் எடுத்து, நகலில் மட்டும் Gaussian Blur இரண்டு பிக்சல் கொடுங்கள். வானத்தின் சலசலப்பு அடங்கிவிடும். தேர்வை அந்த மங்கலான நகலில் செய்யுங்கள். பிறகு Select → Grow 2, உடனே Select → Shrink 2. வானத்தின் தேர்வு இரண்டு பிக்சல் வீங்கும்போது நடுவில் விடுபட்ட சின்னப் புள்ளிகளை விழுங்கிவிடும், சுருங்கும்போது வத்தையின் ஓரத்துக்குத் திரும்பிவிடும், விழுங்கியது விழுங்கியதுதான். கயிறுகளில் கவனம். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிக்சல் வீங்குவதால் நாலு பிக்சலுக்கு மேல் அகலமில்லாத கயிறு புள்ளியோடு சேர்ந்து காணாமல் போகும். கயிறு அவ்வளவு மெல்லியதாக இருந்தால் 1 மட்டும் கொடுங்கள். அதன் பிறகு அசல் லேயருக்கு மாறினால் தேர்வு அப்படியே இருக்கும், அங்கே Layer → Transparency → Add Alpha Channel கொடுத்துவிட்டு Delete அடியுங்கள். மேலே சொன்ன தேடல் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கோப்பைப் பிஎன்ஜியாகக் கொடுங்கள். அடிப்பதற்கு முன் ஒரே ஒரு பனியனுக்கு மட்டும் ஃபிலிம் எடுத்து, துணியில் அழுத்தாமல் கருப்பு அட்டையின் மேல் வைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், துணி மிஞ்சும். இன்னும் நிற்கிறது என்றால் அந்தப் பிஎன்ஜியை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.